விடைபெறும் மின்னஞ்சல்: மூன்று வரைவுகள்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றுக்கு என் தோழி நான்கு ஆண்டுகளாக ஃப்ரீலான்ஸ் முறையில் எழுதிவந்தார். பொருள் பட்டியல், பம்ப் பெட்டிக்குள் வைக்கும் கையேடு, வலைத்தளத்தின் தமிழ், ஆங்கில வாசகங்கள் எல்லாம் அவர் கையால் ஆனவை. மாதம் 24,000 ரூபாய். 2025 தீபாவளி முடிந்த கையோடு அந்த வேலையை விடுவதென்று முடிவெடுத்து, முதலாளிக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார். மூன்று நாளில் மூன்று வரைவுகள் எழுதி எனக்கு அனுப்பி, "இதில் எதை அனுப்பட்டும்?" என்று கேட்டார்.

அவர் சம்மதத்தோடு அந்த மூன்றையும் இங்கே எடைபோடுகிறேன். ஆளையும் நிறுவனத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் விட்டுவிட்டேன்.

முதல் வரைவு முழுக்க நன்றி. ஐந்து பத்தியில் நான்கு, முதலாளியின் பெருந்தன்மையையும் நிறுவனத்தின் வளர்ச்சியையும் சொல்கின்றன. வேலையை விடும் செய்தி நான்காம் பத்தியின் நடுவில் இப்படி வருகிறது: "சில சூழ்நிலைகள் காரணமாக, இன்னும் கொஞ்ச நாளில் பணியிலிருந்து விலகிக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்." கடைசி வரி: "எப்போது எந்த உதவி வேண்டுமானாலும் தயங்காமல் என்னை அழையுங்கள்."

இதைக் கனிவான கடிதம் என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதைப் படிக்கும் முதலாளியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் விலகுகிறாரா, விலக நினைக்கிறாரா என்பது தெரியாது. "கொஞ்ச நாள்" என்பது இரண்டு வாரமா, பொங்கல் வரையா? தொழில் நடத்துகிறவர் இதைச் சம்பளம் கூட்டிக் கேட்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். "எவ்வளவு சேர்த்துத் தரணும், சொல்லுங்க" என்று போன் வரும். அப்போது இவர் இல்லை என்று சொல்ல வேண்டும். கடிதத்தில் தள்ளிப்போட்ட சங்கடம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். மாற்று ஆளை இன்று தேடத் தொடங்க வேண்டியவர் மூன்று வாரத்தைச் சும்மா கழித்துவிடுவார். கடைசி வரியின் நிபந்தனையற்ற உதவியோ, தர முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்லும் பேச்சு. வேறு வேலையில் மூழ்கிய பிறகு ஜனவரியில் வரும் அழைப்பை அவர் எடுக்கமாட்டார். அன்றைக்கு இந்தக் கடிதத்தின் இனிமை முழுவதும் கசந்துவிடும்.

இரண்டாம் வரைவு மறுநாள் எழுதியது. முந்தைய இரவு பதினொன்றேகால் மணிக்கு அச்சுக்குப் போன பக்கத்தில் ஒரு திருத்தம் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது; அந்தச் சூடு வரிக்கு வரி தெரிகிறது. "ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி 30 நாள் அறிவிப்பு தருகிறேன். நிலுவைத் தொகை முழுவதும் வந்த பிறகே கடவுச்சொற்களும் இறுதிக் கோப்புகளும் ஒப்படைக்கப்படும். தாமதத்துக்குச் சட்டப்படி வட்டி கோரப்படும்."

முதல் வரைவில் இல்லாத ஒன்று இதில் உண்டு. விலகுகிறார் என்பதில் ஐயமே இல்லை. அந்த வகையில் முதலாவதைவிட இதையே நான் மேலாக மதிப்பேன். ஆனால் இதில் உள்ள ஒரு சொல் கடிதத்தையே கவிழ்த்துவிடுகிறது: "நிலுவை". செப்டம்பர் மாத பில்லை இவர் அக்டோபர் 1 அன்று அனுப்பியிருக்கிறார். பணம் தர ஒப்பந்தம் கொடுக்கும் காலம் 30 நாள். ஆக, கெடு அக்டோபர் 31. கடிதம் எழுதியது அதற்கு முன்பே. கெடுவே வராத தொகைக்கு வட்டி கேட்கும் கடிதம் அது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குமேல் பணம் தராமல் இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கைக் கூட்டுவட்டியாகத் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உண்மைதான். உத்யம் பதிவு வைத்திருப்பதால் தோழிக்கு அது பொருந்தவும் செய்யும். ஆனால் அந்த உரிமை, பணம் வராமல் போனால் எடுக்க வேண்டியது. நாலு வருடமாக ஒருமுறையும் கெடு தப்பாமல் பணம் தந்தவரிடம் விடைபெறும் கடிதத்திலேயே அதை நீட்டினால், கடிதம் முதலாளியின் மேசையிலிருந்து அவருடைய வக்கீலின் மேசைக்குப் போகும்.

கடவுச்சொல்லைப் பணயமாக வைப்பது இதைவிடப் பெரிய பிழை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் வரைவுதான் அக்டோபர் 29 காலை போனது. முழுவதையும் தருகிறேன்.

"தலைப்பு: நவம்பர் 28-உடன் என் பணி நிறைவு, ஒப்படைப்பு விவரம்

வணக்கம் சார்,

நேற்று போனில் சொன்னதை எழுத்தில் உறுதிப்படுத்துகிறேன். நிறுவனத்துக்காக நான் செய்துவரும் எழுத்துப் பணியை நவம்பர் 28, வெள்ளிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறேன். நம் ஒப்பந்தத்தில் உள்ள 30 நாள் அறிவிப்பு இது. நீண்ட காலப் பணி ஒன்றை வேறிடத்தில் ஏற்றிருப்பதால் இரண்டையும் சரியாகச் செய்ய என்னால் முடியாது.

கோடைக்கான புதிய பொருள் பட்டியலை நவம்பர் 21-க்குள் அச்சுக்குப் போகும் நிலையில் தருகிறேன். அதற்கான திருத்தங்கள் 14-ஆம் தேதிக்குள் எனக்கு வந்துவிட வேண்டும். ஓப்பன்வெல் பம்ப் கையேட்டின் தமிழ் வடிவம் 26-ஆம் தேதி வரும். சோலார் பம்ப் கையேட்டை நான் தொடங்கவில்லை. சேர்த்துவைத்த குறிப்புகளை மட்டும் தருகிறேன். நாலு வருடமாகப் பயன்படுத்திவரும் சொற்பட்டியலையும் அதோடு சேர்க்கிறேன்.

வலைத்தள முகவரி என் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. நவம்பர் 7-க்குள் அதை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடுகிறேன். அதைப் புதுப்பிக்க வேண்டிய நாள் 2026 ஜனவரி 9. கடவுச்சொற்களை மின்னஞ்சலில் அனுப்பாமல் நேரில் வந்து மாற்றித் தருகிறேன்.

செப்டம்பர் பில் உங்களிடம் இருக்கிறது. அக்டோபர் பில்லை 31 அன்றும் கடைசி பில்லை நவம்பர் 28 அன்றும் அனுப்புகிறேன். மூன்றும் சேர்ந்து 72,000 ரூபாய், வரிப் பிடித்தம் போக 64,800. கடைசித் தொகை வந்ததும், எழுதிய எல்லாவற்றின் காப்புரிமையையும் நிறுவனத்துக்கு மாற்றும் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்.

ஒப்படைத்த கோப்புகள் பற்றிய சந்தேகங்களுக்கு டிசம்பர் 19 வரை மின்னஞ்சலில் பதில் சொல்வேன்.

2021-இல் நான் சேர்ந்த புதிதில், டெஸ்டிங் பிரிவில் இரண்டு நாள் உட்காரவைத்து, ஹெட் கூடும்போது தண்ணீர் வரத்து எப்படிக் குறைகிறது என்று ஃபோர்மேன் ஐயாவைக் காட்டச் சொன்னீர்கள். பிறகு எழுதிய ஒவ்வொரு கையேட்டுக்கும் அந்த இரண்டு நாள்தான் அடிப்படை. மிக்க நன்றி சார்."

முதலில் அறிவிப்புக் காலம். 30 நாள் என்பது ஒப்பந்தம் சொன்ன கணக்கு. அது போதுமா என்பதை வேலைதான் சொல்ல வேண்டும். பம்ப் வியாபாரம் கோடையை நம்பியது. பொங்கலையொட்டிப் புதிய பட்டியல் டீலர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தோழி அங்கிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறார்: அச்சுக்கும் கட்டுக்கும் டிசம்பர், அதற்கு முன் எழுத்து முடிய நவம்பர் 21, அதற்கு ஒரு வாரம் முன்பு திருத்தங்களுக்குக் கெடு. முக்கியமான வேலை 30 நாளுக்குள் அடங்கியது. அதனால் இங்கே 30 நாள் நியாயம். அடங்காமல் போயிருந்தால், ஒப்பந்தம் என்ன சொன்னாலும் 45 நாள் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்காக இரண்டு மூன்று மாதம் தருவதை நல்ல குணம் என்று நான் எண்ணவில்லை. போகப்போகிறவர் என்று தெரிந்தபின் புதுச் செய்திகள் அவரிடம் வந்து சேராது. பழைய, யாரும் தொடாத வேலைகள்தான் வந்து குவியும். நீண்ட அறிவிப்பில் இரு பக்கமும் சலித்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் மிகப் பயனுள்ள வரி எதுவென்று கேட்டால், நவம்பர் 14 என்ற திருத்தக் கெடுவைத்தான் காட்டுவேன். கடைசி நாளை மட்டும் சொல்லும் கடிதத்தில், அந்தக் கடைசி நாளில்தான் எல்லாத் திருத்தங்களும் வந்து இறங்கும். நீர்மூழ்கி பம்ப் பக்கத்தில் ஒரு மாடலின் குதிரைத்திறனை மாற்றினால் அதன் ஸ்டேஜ் எண்ணிக்கை, ஹெட், தண்ணீர் வரத்து மூன்றும் மாறும். அட்டவணையில் வரிசையே நகரும். அதை மாலை ஆறு மணிக்குச் செய்தால் தவறு நிச்சயம். அந்தத் தவறு ஒரு விவசாயியின் ஆழ்குழாய்க் கிணற்றில் பொருந்தாத மோட்டாராகப் போய் இறங்கும்.

அதேபோல, தொடங்காத சோலார் கையேட்டைத் தொடங்கவில்லை என்றே சொன்னது. முதல் வரைவில் "மீதி வேலைகளையும் இயன்றவரை முடித்துத் தருகிறேன்" என்றிருந்தது. எது முடியும், எது முடியாது என்று பிரிக்காத உறுதிமொழி அது. கைவிடும் வேலையைப் பெயர் சொல்லிக் கைவிட்டால்தான் எதிரில் இருப்பவர் அதற்கு வேறு ஆள் பார்ப்பார்.

சொற்பட்டியல் என் யோசனையில் சேர்ந்தது. முதலாளி அதைக் கேட்டிருக்கமாட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. களத்தில் எல்லோரும் சொல்வதால் ஹெட் என்பதை ஹெட் என்றே விடுவது, சக்ஷன் பைப்பை உறிஞ்சுகுழாய் என்பது, ஃபுட் வால்வை மாற்றாமல் வைப்பது என்று நாலு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முடிவுகள் அதில் இருந்தன. அடுத்து வருகிறவர் ஒரு பாகத்துக்குக் கையேட்டில் ஒரு பெயரும் பட்டியலில் வேறு பெயரும் வைத்தால், உதிரிபாகம் கேட்டுக் கடைக்குப் போகிறவருக்குத்தான் குழப்பம்.

இப்போது பணமும் பணயமும். இறுதிப் பணம் வரும்வரை எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் எங்கள் தொழிலில் கருத்து இரண்டாகப் பிரிகிறது. கடவுச்சொல்லைக் கொடுத்தால் பணம் வராது என்று சொல்கிறவர்கள் அனுபவத்தில் சொல்கிறார்கள். அவர்களை நான் எளிதாக மறுக்கமாட்டேன். பிடித்துவைத்துப் பணம் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் என் தீர்ப்பு அதற்கு எதிரானது. வலைத்தள முகவரி நிறுவனத்தின் சொத்து. ஆரம்பத்தில் வசதிக்காக இவருடைய மின்னஞ்சலில் பதிந்ததால் அது இவருடையது ஆகிவிடாது. உரியவர் தம் கணினி அமைப்புக்குள் நுழைய முடியாமல் தடுப்பது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரிய செயல். நியாயமான கோரிக்கை உள்ளவர், ஒரு கடவுச்சொல்லை மறைத்துத் தவறு செய்தவராக நிற்க நேரும்.

பிடித்துவைக்கத் தகுந்தது வேறொன்று இருக்கிறது, அது அவருக்கே சொந்தமானதும்கூட. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். ஆனால் ஃப்ரீலான்ஸ் முறையில் எழுதியவரிடமே முதல் உரிமை இருக்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் அது மாறாது. எழுத்தில், எழுதியவரின் கையெழுத்தோடு மாற்றித்தர வேண்டும். அந்தப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்கும் பம்ப் அனுப்பும் ஒரு நிறுவனத்துக்கு அந்த இரண்டு வரியும் முக்கியம். இவர்களுடைய பழைய ஒப்பந்தத்தில் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனால் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் நிபந்தனையின்றிக் கொடுத்துவிட்டு, உரிமைப் பத்திரத்தை மட்டும் கடைசித் தொகையோடு இணைத்தது சரியான இடத்தில் வைத்த பூட்டு. யாருடைய வேலையும் நிற்கவில்லை. ஆனாலும் கணக்கை முடிக்க இரு தரப்புக்கும் காரணம் இருந்தது. அதைக் கடிதம் மிரட்டல் இல்லாமல், தான் தரப்போகும் ஒன்றாகவே சொல்கிறது.

காரணம் பற்றிய வாக்கியத்தில்தான் எனக்கு நெடுநேரம் தயக்கம். இரவு நேரத் திருத்தங்களால் அலுத்துப்போனதும் ஒரு காரணம். கடிதம் அதைச் சொல்லவில்லை. இது மறைப்புதானே? யோசித்துப் பார்த்தேன். இந்த மின்னஞ்சல் முதலாளியோடு நிற்காது. கணக்காளருக்குப் போகும், மகனுக்குப் போகும், அடுத்து வருகிற எழுத்தாளருக்கும் யாராவது அனுப்பிவைப்பார்கள். குறையை எழுதினால், தேதிகளைப் பார்க்க வேண்டிய கண்கள் அந்த ஒரு வரியிலேயே நிற்கும். பொய்க் காரணமோ அதைவிட மோசம். உடம்பு சரியில்லை என்று எழுதிவிட்டு அதே ஊரில் இன்னொரு வேலை செய்ய முடியாது. கடிதம் சொன்னது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. மீதியைச் சொல்லப் போன் இருந்தது. முந்தின நாள் பேசியபோது முதலாளியே கேட்டிருக்கிறார்: "ஏனுங்க அம்மணி, திடீர்னு சொல்றீங்க. எங்ககிட்ட ஏதாச்சும் குறையாயிருச்சுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு சொல்றேனுங்க சார். அடுத்து வர்றவங்களுக்கு ராத்திரியில திருத்தம் அனுப்பாம இருந்தா நல்லா இருக்குங்க."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பையன்கிட்டச் சொல்றனுங்க" என்றாராம். முதலில் குரல், பிறகு எழுத்து என்ற வரிசை நம் ஊர்த் தொழில் உறவுகளுக்கு அவசியம் என்று நினைக்கிறேன். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தவரிடமிருந்து எந்தப் பேச்சும் இல்லாமல் காலையில் இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால், எத்தனை நல்ல வாசகமும் அந்தக் காயத்தை ஆற்றாது. போனோடு விட்டாலும் ஆகாது. அறிவிப்பு எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு எழுத்துதான் சான்று.

நன்றிக்கும் இதே அளவுகோல்தான். முதல் வரைவின் நான்கு பத்திகளை எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். டெஸ்டிங் பிரிவின் அந்த இரண்டு நாளை இந்த ஒரு முதலாளிக்குத்தான் எழுத முடியும். அதைக் கடைசியில் வைத்ததும் சரி. தேதிகளுக்கு முன்னால் வைத்திருந்தால் கசப்புக்கு முன் தரும் சர்க்கரை ஆகியிருக்கும்.

இவ்வளவு சொன்னபிறகும் இந்தக் கடிதத்துக்கு முழு மதிப்பெண் தரமாட்டேன். எதை, எந்த நாளில் ஒப்படைப்பேன் என்று சொன்ன கடிதம், அந்தப் பக்கத்தில் யார் வாங்கிக்கொள்வார் என்று கேட்கவில்லை. "வலைத்தள முகவரியை ஏற்க நிறுவனத்தின் சார்பில் ஒருவரை நவம்பர் 3-க்குள் சொல்லுங்கள்" என்று ஒரு வரி வேண்டியிருந்தது. நான் படித்தபோதும் அது என் கண்ணில் படவில்லை. பழி எனக்கும் உண்டு. பட்டியலும் கையேடும் சொன்ன தேதியில் போய்ச் சேர்ந்தன. முகவரி மாற்றம் மட்டும் நின்றது. உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைத் திறக்கவும் ஓடிபி சொல்லவும் அங்கே ஆள் இல்லை. கணினி பார்ப்பவர் வெளியாள். வாரம் ஒருநாள் வருவார். முகவரியின் உரிமையாளர் விவரத்தை மாற்றினால் பல பதிவு நிறுவனங்களில் அடுத்த 60 நாள் அதை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. அது தெரிந்து கணினிக்காரர் தயங்கியதில் இன்னும் பத்து நாள் போயிற்று. சந்தேகங்களுக்குப் பதில் சொல்வேன் என்ற வரியும் கொஞ்சம் தளர்வு. சந்தேகம் என்ற பெயரில் இரண்டு புதுப் பக்கங்கள் எழுதித்தரும்படி கேட்டார்கள். அவற்றை மறுத்து எழுத வேண்டியிருந்தது.

ஆகவே, அனுப்பத் தகுந்தது மூன்றாவதுதான், அதுவும் அந்த ஒரு வரியைச் சேர்த்த பிறகு. முதலாவது அன்பு காட்ட முயன்று, படிப்பவரை இருட்டில் விட்டது. இரண்டாவதில் தெளிவு இருந்தாலும் வராத தகராறைத் தொடங்கிவைத்தது.

வலைத்தள முகவரி டிசம்பர் 17 அன்றுதான் நிறுவனத்தின் பெயருக்கு மாறியது, புதுப்பிக்கும் நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது. நவம்பர் மாதத் தொகை டிசம்பர் 26 அன்று வந்தது. அன்று மாலையே தோழி உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, உலகம் முழுவதற்கும், காப்புரிமை உள்ள காலம் வரைக்கும் என்று இரண்டு வரியையும் சரிபார்த்து, கூரியரில் அனுப்பினார்.